பால்கோவாக் கறையும் பட்டுச் சேலையும்



இந்த மாத அறிவியல் பகுதியில் வீட்டுப் பீரோவுக்குள்ளே இருக்கிற ஒரு விஷயத்தைப் பார்ப்போம். பட்டுச் சேலையை வீட்டிலேயே துவைக்கலாமா, இல்லை டிரை கிளீனிங்குக்குத்தான் கொடுக்கணுமா? நம்ம ஊர்ல இதுக்கு ரெண்டு கட்சி உண்டு. "பட்டுல தண்ணியே படக்கூடாது"ன்னு ஒரு கட்சி. "எங்க ஆச்சி காலத்துல எல்லாம் ஏது டிரை கிளீனிங்? பூந்திக்கொட்டை போட்டு அலசி நிழல்ல காயப்போட்டா முடிஞ்சது"ன்னு இன்னொரு கட்சி. ரெண்டு பேர் சொல்றதும் பாதி சரி. எந்தப் பாதி சரி என்பது சேலையில் பட்ட கறை என்ன, சேலையின் சாயம் எப்படி, சரிகை எது என்ற மூன்றைப் பொறுத்தது. நாங்கள் படிக்கும் வேதியியல் பாடத்தில் "கரைப்பான்" என்று ஒரு சொல் வருமே, கதை முழுக்க அதைச் சுற்றித்தான்.

டிரை கிளீனிங் என்றால் என்ன?

பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். சேலை அங்கே உலர்வாக இருப்பதில்லை, நன்றாக நனைகிறது. தண்ணீருக்குப் பதிலாக வேறொரு திரவத்தில் நனைகிறது, அவ்வளவுதான். பெரிய கடைகளில் மூடிய உருளை இயந்திரத்துக்குள் பெர்குளோரோஎத்திலீன் என்ற திரவத்தை விட்டுச் சுற்றுவார்கள். சின்னக் கடைகளில் பெட்ரோலியத்தில் இருந்து பிரித்த திரவத்தில் அலசுவார்கள். அதனால்தான் நம் பக்கம் பழைய ஆட்கள் இன்னும் "பெட்ரோல் வாஷ்" என்கிறார்கள்.

இந்தத் திரவங்களுக்கு எண்ணெய், நெய், மெழுகு, முகத்தில் பூசும் கிரீம் எல்லாம் நன்றாகக் கரையும். பட்டு இழை ஊறாது, சுருங்காது, சாயமும் பெரும்பாலும் அசையாது. இது பெரிய லாபம். ஆனால் உப்பும் சர்க்கரையும் இந்தத் திரவங்களில் கரையவே கரையாது. ஒரு சோதனைக் குழாயில் மண்ணெண்ணெய் எடுத்து, ஒரு சிட்டிகை சீனி போட்டுக் குலுக்கிப் பாருங்கள். எவ்வளவு நேரம் குலுக்கினாலும் சீனி அடியில் அப்படியே கிடக்கும். சேலையிலும் இதேதான் நடக்கிறது. வியர்வையில் இருப்பது முக்கியமாக உப்பு. பாயசத்திலும் குளிர்பானத்திலும் இருப்பது சர்க்கரை. இவை டிரை கிளீனிங் போய்விட்டு, சேலையோடேயே பத்திரமாக வீட்டுக்குத் திரும்பி வரும்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. கலர் இல்லாத குளிர்பானம் சிந்தினால் காய்ந்த பிறகு கறையே தெரியாது. "ஒண்ணும் ஆகலை"ன்னு நினைச்சு மடிச்சு வைப்போம், இல்லேன்னா அப்படியே கொடுத்திடுவோம். கடையில் இஸ்திரிப் பெட்டியின் சூடு பட்டதும் அந்தச் சர்க்கரை பழுத்து பழுப்பு நிறத்தில் வெளியே வரும், சீனிப் பாகு அதிகமாகக் காய்ந்தால் சிவக்குமே, அது போல. "நல்லா இருந்த சேலையில கடைக்காரர் கறை ஆக்கிட்டார்"ன்னு சண்டைக்குப் போவாங்க. அவர் ஆக்கலை. கறை முன்பே அங்கே இருந்தது, சூடு அதைக் காட்டிக் கொடுத்தது.

ஒரே கறைக்குள் மூன்று கறை

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பாலையும் சீனியையும் சேர்த்துச் சுண்டக் காய்ச்சுவதுதான் பால்கோவா. ஆகவே அதில் மூன்று பொருள்கள் இருக்கின்றன: பாலில் உள்ள நெய்ச்சத்து, பாலின் புரதம், சீனி. ஒரு துணுக்கு பட்டுச் சேலையில் விழுந்தால் மூன்றும் சேர்ந்து ஒட்டும்.

இப்போது யோசித்துப் பாருங்கள். நெய்ச்சத்து டிரை கிளீனிங் திரவத்தில் போகும், வெறும் தண்ணீரில் போகாது. சீனி தண்ணீரில் போகும், அந்தத் திரவத்தில் போகாது. புரதமோ வெந்நீரோ சூடோ பட்டால் இறுகி இழையைப் பிடித்துக்கொள்ளும், அதைக் குளிர்ந்த தண்ணீரில்தான் இளக்கி எடுக்க முடியும். அப்படியானால் பால்கோவாக் கறையை வீட்டில் மட்டுமோ கடையில் மட்டுமோ முழுசாக எடுப்பது கஷ்டம். ரெண்டு இடத்துக்கும் வேலை இருக்கிறது, அதுவும் சரியான வரிசையில்.

"கறைக்குன்னே விசேஷப் பவுடர் விக்கிறாங்களே, அதைப் போட்டா?" என்று கேட்பீர்கள். அந்தப் பவுடர்கள் பலவற்றில் புரதத்தைச் செரிக்கும் நொதி கலந்திருக்கிறார்கள். பருத்திச் சட்டைக்கு அது நல்லது, பருத்தி செல்லுலோஸ். பட்டு அப்படி இல்லை. பட்டுப்புழு வாயிலிருந்து வரும் நூல் ஃபைப்ரோயின் என்ற புரதம். பால் புரதத்தைத் தின்ன வந்த நொதிக்குப் பட்டும் சாப்பாடுதான். ஒரே நாளில் ஓட்டை விழாது. பளபளப்பு போய், இழை மெலிந்து, பிறகு ஒருநாள் மடிப்பில் கிழியும். குளோரின் கலந்த பிளீச்சிங் திரவமோ இதைவிட மோசம், பட்டையே கரைத்துவிடும்.

சித்தி சேலை

எங்கள் வீடு ராஜபாளையத்தில். ஆடிப்பூரத் தேருக்கு வீட்டோடு ஸ்ரீவில்லிபுத்தூர் போனபோது சித்தி கட்டியிருந்தது அரக்கு உடலும் பச்சைக் கரையும் உள்ள பட்டு. உடல் தனியாக, கரை தனியாக நெய்து கோர்வை போட்டது. கூட்டத்தில் கைக்குழந்தை வைத்திருந்த பால்கோவா சேலையில் இரண்டு இடத்தில் பட்டுவிட்டது. ஒன்று உடலின் நடுவில், ஐம்பது காசு அளவு. இன்னொன்று கரையில், சரிகை மேலேயே. இடுப்பு மடிப்பில் வியர்வை வேறு.

சித்தி அங்கேயே செய்த முதல் வேலை ரொம்பச் சரியானது. தேய்க்கவில்லை. ஈரக் கைக்குட்டையால் துடைக்கவும் இல்லை. துடைத்திருந்தால் நெய் இன்னும் அகலமாகப் பரவியிருக்கும். பஸ் டிக்கெட்டின் ஓரத்தால் மேலே ஒட்டியிருந்ததை மட்டும் வழித்து எடுத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் சேலையை அவிழ்த்து, மடிக்காமல், வீட்டுக்குள் நிழலில் காற்றாட இரண்டு மணி நேரம் விரித்துப் போட்டோம். பிறகு இரண்டு கறை மேலும் முகத்துக்குப் போடும் டால்கம் பவுடரை ஒரு ஸ்பூன் அளவு குவித்து, மேலே ஒரு வெள்ளைத் தாளை வைத்து, அதன் மேல் ஒரு நோட்டுப் புத்தகத்தை வைத்தோம். இரவு முழுக்க அப்படியே இருந்தது. காலையில் பவுடர் லேசாக மஞ்சளாகிக் கட்டிகட்டியாக இருந்தது. நெய்யை அது உறிஞ்சியிருக்கிறது என்று அர்த்தம். மென்மையான பிரஷ்ஷால் தட்டிவிட்டு, இன்னொரு முறை புதுப் பவுடர் போட்டோம். இரண்டாம் முறை பவுடர் வெள்ளையாகவே இருந்தது. இனி பவுடரால் எடுக்க முடிந்த நெய் இல்லை.

அடுத்தது சாயச் சோதனை. இதுதான் எல்லாவற்றையும் விட முக்கியமான கட்டம். நம் பக்கத்துச் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிறார்கள் அல்லவா, அந்த வெள்ளைத் துணிதான் இதுக்கு நல்ல கருவி. கஞ்சி இல்லை, கலர் இல்லை, சாயம் லேசாக இறங்கினாலும் பளிச்சென்று காட்டும். ஒரு டம்ளர் தண்ணீரில் இரண்டு சொட்டு ஷாம்பு விட்டு, அதில் ஒரு சின்னத் துண்டை நனைத்துப் பிழிந்து, சேலையில் வெளியே தெரியாத உள்முனையில் அரக்கு நிறத்தின் மேல் வைத்து, பத்து நிமிஷம் கனமான புத்தகத்தால் அழுத்தினோம். இன்னொரு துண்டைப் பச்சைக் கரையின் மேல் அதே மாதிரி. ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்துண்டு வேண்டும், ஒரே துண்டால் இரண்டையும் தொட்டால் எது இறங்கியது என்று தெரியாது.

அரக்கு வைத்த துண்டு வெள்ளையாகவே வந்தது. பச்சை வைத்த துண்டில் இளம் பச்சை ஒட்டியிருந்தது. துண்டை ஈரத்தோடு பார்த்து முடிவு சொல்லக்கூடாது, காய்ந்ததும் ஜன்னல் வெளிச்சத்தில் பார்க்கணும். காய்ந்த பிறகும் பச்சை தெரிந்தது. ஆக, இந்தச் சேலையை வாளித் தண்ணீரில் முக்க முடியாது. முக்கினால் பச்சை இறங்கி அரக்கின் மேல் ஏறும். ஏறிய சாயத்தை டிரை கிளீனிங்கிலும் எடுக்க முடியாது.

சாயம் மட்டும் கெட்டியாக இருந்திருந்தாலும் கோர்வைச் சேலையை முழுசாக நனைப்பதில் இன்னொரு சிக்கல் உண்டு. சரிகை அடர்ந்த கரையும், வெறும் பட்டான உடலும் நனைந்து காயும்போது ஒரே அளவில் சுருங்காது. இணைப்பு ஓரம் முழுக்கச் சுருக்கம் சுருக்கமாக எழும்பி நிற்கும். அதை இஸ்திரி போட்டு முழுசாகச் சரி செய்ய முடியாது.

அதனால் தண்ணீர் வேலையை உடலில் இருந்த கறையோடு நிறுத்திக்கொண்டோம். கறைக்கு அடியில் நாலாக மடித்த வெள்ளைத் துணி வைத்தோம். சேலையை முகப்புப் பக்கம் கீழாகத் திருப்பி, பின்பக்கத்திலிருந்து ஷாம்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சால் ஒற்றினோம், தேய்க்கவில்லை. கறையின் வெளி ஓரத்தில் தொடங்கி நடுவை நோக்கி ஒற்றணும், இல்லாவிட்டால் வட்டம் பெரிசாகும். அடித்துணியில் ஈரம் இறங்க இறங்க அதை நகர்த்தி, உலர்ந்த பகுதியை அடியில் கொண்டுவந்தோம். பிறகு வெறும் தண்ணீரில் நனைத்த பஞ்சால் நாலைந்து முறை ஒற்றி ஷாம்பை எடுத்தோம். கடைசியில் ஈரத்தின் ஓரத்தைச் சுற்றி, மிக லேசாக ஈரமான துணியால் வெளிப்பக்கமாகத் தொட்டு விட்டோம். இப்படிச் செய்தால் ஈரம் திடீரென்று ஒரு கோட்டில் நிற்காது, காய்ந்த பிறகு தண்ணீர் வளையம் விழாது. பட்டில் கஞ்சியோ பசையோ போட்டிருந்தால் அது ஈரத்தோடு நகர்ந்து ஓரத்தில் சேரும், அதுதான் அந்த வளையம். இடுப்பு மடிப்பு வியர்வைக்கும் இதே ஒற்றுதான், ஆனால் ஷாம்பு இல்லாமல் வெறும் தண்ணீரில். கரைப்பக்கம் ஒரு சாண் தள்ளியே வேலையை நிறுத்திவிட்டோம்.

காய்ந்ததும் உடலில் இருந்த கறை போயிருந்தது. சரிகை மேல் இருந்தது மட்டும் மங்கலாகத் தெரிந்தது. இஸ்திரி போடாமல் அப்படியே டிரை கிளீனிங் கடைக்குக் கொண்டு போனோம். சூடு பட்டால் மிச்சம் இருக்கும் கறை இறுகிவிடும் என்பதால்தான் இஸ்திரி வேண்டாம் என்பது.

சித்தி ஒரு சின்னச் சீட்டில் எழுதி, கறை இருந்த இடத்தில் வெள்ளை நூலால் தைத்தே விட்டார். "பால்கோவா. நாலு நாள் ஆச்சு. பவுடர் போட்டது. பச்சையில சாயம் இறங்குது." கடை அண்ணாச்சி அதைப் படிச்சிட்டு ரொம்ப சந்தோஷப்பட்டார்.

"ஏம்மா, எல்லாரும் இப்படி எழுதிக் கொடுத்தா எங்களுக்கு வேலை பாதியாகும். கறை என்னன்னு சொல்லாமக் கொடுத்திருவாங்க. நாங்க பொதுவாப் போட்டு எடுப்போம். அப்புறம் போகலைன்னு வந்து நிப்பாங்க"ன்னாரு.

"அண்ணாச்சி, சீனியும் இருக்குமே, அதுக்கு என்ன செய்வீங்க?"ன்னு நான் கேட்டேன்.

"அதுக்குத்தான் மிசின்ல போடுறதுக்கு முன்னாடி ஸ்பாட்டிங்னு ஒண்ணு செய்வோம். கறை இருக்கிற இடத்துல மட்டும் கொஞ்சம் தண்ணி மருந்து வச்சு எடுத்து, காயவச்சிட்டு, அப்புறம்தான் உள்ள விடுவோம். சொன்னாத்தானே செய்ய முடியும்?"

அப்போதுதான் ஒரு விஷயம் தெளிவாக விளங்கியது. நல்ல டிரை கிளீனரும் தண்ணீரைப் பயன்படுத்துகிறார், ஆனால் தேவையான இடத்தில், தேவையான அளவு மட்டும். நாம் சொல்லாவிட்டால் அந்தக் கட்டம் நடக்காமலே போகலாம்.

சேலை ஒரு வாரத்தில் வந்தது. கரையில் இருந்த கறை போய்விட்டது. சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தால் அந்த இடத்துச் சரிகை மட்டும் ஒரு துளி மங்கல். சித்தி அதைக் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை.

சரிகை எதுக்குப் பயப்படும்?

சுத்தச் சரிகை என்றால் பட்டு நூலின் மேல் தட்டையாக்கிய மெல்லிய வெள்ளிக் கம்பியைச் சுற்றி, அதுக்கு மேல் தங்க முலாம் பூசியது. தங்கம் அதில் எடைக்கு ஒரு சதவீதம்கூட இருக்காது. நாம் கண்ணால் பார்ப்பது தங்கம், உள்ளே இருப்பது வெள்ளி. கடையில் "டெஸ்டட்" என்று சொல்லும் சரிகையில் உள்ளே செம்புக் கம்பி. இன்னும் விலை குறைந்ததில் உலோகமே இல்லை, மினுமினுப்பு ஏற்றிய பிளாஸ்டிக் தாளை மெல்லிசாக வெட்டிய இழை அது.

சேலை முனையில் நீட்டிக்கொண்டிருக்கும் ஓர் இழையை எடுத்து, பெரியவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இடுக்கியால் பிடித்துத் தீயில் காட்டினால் தெரியும். பிளாஸ்டிக் உருகிச் சின்ன உருண்டையாகும். உலோகச் சரிகையில் உள் நூல் எரிந்தாலும் கம்பி நிற்கும். பிளாஸ்டிக் என்று தெரிந்தால் சூடான இஸ்திரிக்கு அது தாங்காது, சுருண்டுவிடும். கடையிலும் அதைச் சொல்லணும்.

உலோகச் சரிகைக்கு எதிரி இரண்டு. ஒன்று உப்பு. இங்கேதான் நம் வீடுகளில் நடக்கும் ஒரு பழக்கத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். புதுப்பட்டை முதல் முறை கல்லுப்புத் தண்ணீரில் ஊற வைத்தால் சாயம் நிற்கும் என்பார்கள். பட்டில் ஏற்றும் சாயம் நெசவுக்கு முன்பே நூலில் ஏறி முடிந்தது. சரியாக ஏறாத சாயத்தை ஒரு கைப்பிடி உப்பு கெட்டியாக்கிவிடாது. மாறாக உப்பில் உள்ள குளோரைடு, முலாம் தேய்ந்த இடம் வழியாக உள்ளே போய் வெள்ளியையும் செம்பையும் அரிக்கும். செம்புச் சரிகையில் பச்சையாகப் பூத்திருப்பதைப் பழைய சேலைகளில் பார்த்திருப்பீர்கள். வியர்வை காயாமல் மடித்து வைத்தாலும் இதேதான் நடக்கும்.

இரண்டாவது எதிரி கந்தகம். வெள்ளிக் கொலுசு கறுக்கிறதே, அதே வினைதான், வெள்ளி சல்ஃபைடு. தீபாவளிக்குப் பட்டுக் கட்டிக்கொண்டு வெடி போடுவது எல்லா ஊரிலும் உண்டு. நாம் சிவகாசிக்குப் பக்கத்தில் இருப்பதால் கொஞ்சம் கூடவே போடுவோம். வெடிமருந்துப் புகையில் கந்தகம் உண்டு. அன்றைக்குக் கட்டிய சேலையை உடனே மடித்துப் பிளாஸ்டிக் கவரில் போடாமல், ஒரு நாள் காற்றில் விட்டுப் பிறகு பருத்தித் துணியில் சுற்றி வைப்பது நல்லது. ரப்பர் பேண்டிலும் கந்தகம் இருக்கிறது, சேலையைச் சுற்றிப் போடவே கூடாது. கறுத்த சரிகையைப் புளி, எலுமிச்சை, பற்பசை போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று ஆகும், உண்மைதான். ஆனால் கறுப்போடு சேர்ந்து முலாமும் போகும், அடுத்த முறை இன்னும் சீக்கிரம் கறுக்கும்.

வீட்டில் துவைக்கக்கூடிய பட்டு

கோர்வை இல்லாத, ஒரே நிறமான, சரிகை குறைவான சேலை, சாயச் சோதனையில் துண்டு வெள்ளையாகவே வந்தது என்றால் தைரியமாக வீட்டில் துவைக்கலாம். அப்படிப்பட்ட சேலையில் வியர்வை அதிகம் என்றால் டிரை கிளீனிங்கை விட வீடுதான் நல்லது, காரணம் மேலே படித்ததுதான்.

முதலில் தண்ணீர். ராஜபாளையத்தில் ஆறாவது மைல் நீர்த்தேக்கத்திலிருந்து வரும் குடிநீர் மலையிலிருந்து இறங்கியது, மென்மையானது. போர் தண்ணீர் பல வீடுகளில் கடினத்தன்மை உள்ளது. ஒரு பாட்டிலில் பாதி தண்ணீர் எடுத்து, சோப்புத் துருவலைக் கொஞ்சம் போட்டுக் குலுக்குங்கள். நுரை நின்றால் மென்னீர். நுரை வராமல் வெள்ளையாகத் திரிந்தால் கடின நீர். அந்தத் திரிவு பட்டின் மேல் படிந்தால் சேலை சாம்பல் பூத்தது போல இருக்கும். ஒரு சேலைக்கு மூன்று நாலு வாளி போதும், அதுக்கு மட்டும் குடிதண்ணீரைப் பிடித்து வையுங்கள்.

அடுத்தது எதில் துவைப்பது. பட்டுக்குக் காரம் ஆகாது. எங்கள் ஆய்வகத்தில் மஞ்சள் தாள் செய்து நான்கு பொருள்களைச் சோதித்தோம். மஞ்சள் காரத்தில் சிவக்கும், குங்குமம் செய்வதும் அந்த முறையில்தான். சலவைப் பவுடர் கரைசலில் தாள் உடனே செங்கல் நிறம் ஆனது. சலவைக் கட்டிச் சோப்பிலும் சிவந்தது. ஷாம்புத் தண்ணீரிலும் பூந்திக்கொட்டைச் சாற்றிலும் மஞ்சளாகவே இருந்தது. ஆச்சி கட்சி ஜெயித்த இடம் இது.

பூந்திக்கொட்டை பத்து எடுத்து விதையை நீக்கி, தோலை மட்டும் ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு ஊற வைத்து, காலையில் கையால் பிசைந்து, துணியில் வடிகட்டணும். வடிகட்டாவிட்டால் தோல் துணுக்கு இழையில் சிக்கும். அந்தச் சாறு பழுப்பு நிறம் என்பதால் வெள்ளை, சந்தனம், இளமஞ்சள் சேலைக்கு வேண்டாம். அதுக்கு ஒரு சின்னப் பாக்கெட் ஷாம்பு போதும். பத்து லிட்டர் பச்சைத் தண்ணீரில் இதைக் கலக்கி, கரைந்த பிறகுதான் சேலையை விடணும். சேலை மேல் நேராக ஊற்றக்கூடாது.

நீரில் மேலும் கீழுமாக மெதுவாக அமுக்கி எடுங்கள். மூன்று நிமிஷம், அதிகம் போனால் ஐந்து. ஊற வைக்க வேண்டாம். கல்லில் அடிப்பது, பிரஷ் போடுவது, முறுக்கிப் பிழிவது எதுவுமே கூடாது. பருத்தி நனைந்தால் பலம் கூடும், பட்டு நனைந்தால் பலம் குறையும். அதனால் உலர்ந்த சேலை தாங்கும் இழுவையை ஈரச் சேலை தாங்காது. பிறகு நல்ல தண்ணீரில் மூன்று முறை அலசல். தண்ணீரில் நுரையோ வழவழப்போ இருந்தால் நாலாவது முறை.

பிழிவதுக்குப் பதிலாக ஒரு பெரிய துண்டில் சேலையை விரித்துப் பாய் மாதிரி சுருட்டி மேலே கையால் அமுக்குங்கள், தண்ணீரைத் துண்டு குடித்துவிடும். காயப்போடுவது நிழலில், உள்பக்கம் வெளியே தெரிகிற மாதிரி. வெயில் பட்டால் பட்டு மஞ்சளித்து நொறுங்கத் தொடங்கும். இரும்புக் கம்பிக் கொடி என்றால் முதலில் ஒரு வெள்ளை வேட்டியை அதன் மேல் போட்டு அப்புறம் சேலை. துருக்கறை பட்டில் ஏறினால் எடுப்பது ரொம்பப் பாடு. லேசாக ஈரம் இருக்கும்போதே, மேலே ஒரு மெல்லிய பருத்தித் துணி வைத்து, குறைந்த சூட்டில் பின்பக்கம் இஸ்திரி போடணும். தண்ணீர் தெளித்து இஸ்திரி போட்டால் புள்ளி புள்ளியாகத் தடம் விழும்.

கடைக்கே போக வேண்டியவை

சாயம் இறங்குவது, கனமான கோர்வைக் கரை, எண்ணெய் மொத்தமாகக் கொட்டியது, ஆச்சி காலத்துப் பழைய பட்டு. பழைய பட்டை இரு விரலால் மெதுவாக இழுத்தாலே சரசரவென்று பிரிந்தால், அதுக்குக் கடை இயந்திரமும் ஆபத்துதான். அதைத் துவைக்காமல் காற்றாட விட்டு வைத்துக்கொள்வதே மேல். பசை வைத்துக் கல் ஒட்டிய சேலைக்கு மட்டும் உஷார், டிரை கிளீனிங் திரவத்தில் அந்தப் பசை கரைந்து கல் உதிரலாம். கொடுக்கும்போதே காட்டிச் சொல்லுங்கள். "பாலிஷ்" என்று தனியாகக் கேட்பார்கள். அது விறைப்பும் பளபளப்பும் கொடுக்கும், அழுக்கை எடுக்காது. அழுக்கோடு பாலிஷ் போட்டால் அழுக்கு உள்ளேயே தங்கும்.

கடையிலிருந்து வந்த சேலையை வாங்கிய உடனே முகர்ந்து பாருங்கள். மருந்து வாடை இருந்தால் பிளாஸ்டிக் கவரைக் கழற்றிவிட்டு, ஜன்னல் திறந்த அறையில் ஒரு நாள் தொங்கவிடணும், அப்புறம்தான் பீரோ. பெர்குளோரோஎத்திலீனை மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ள பொருளாக உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு வகைப்படுத்தியிருக்கிறது. அமெரிக்காவில் டிரை கிளீனிங் கடைகள் அதைப் பத்து ஆண்டுகளில் படிப்படியாக விட்டுவிட வேண்டும் என்று 2024 டிசம்பரில் விதி போட்டார்கள். சேலையில் மிஞ்சும் வாடையைவிட, நாள் முழுக்க அந்த ஆவியில் நின்று வேலை செய்கிறவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம். சும்மா இரண்டு மணி நேரம் கட்டிய சேலையை வருஷா வருஷம் கடைக்கு அனுப்பாமல் காற்றில் விட்டு வைப்பதுக்கு இதுவும் ஒரு காரணம்.

ஒன்றை மட்டும் பெரிய எழுத்தில் எழுதச் சொன்னார் வேதியியல் ஆசிரியை. பெட்ரோல் வாஷ் என்ற பெயரைக் கேட்டு யாரும் வீட்டில் பெட்ரோலையோ தின்னரையோ வாளியில் ஊற்றிச் சேலையை முக்கக் கூடாது. அந்த ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து அடுத்த அறையில் எரியும் அடுப்புக்கோ சாமி விளக்குக்கோ போய்ச் சேரும். பட்டைத் தேய்க்கும்போது உண்டாகும் நிலைமின் பொறியே அதைப் பற்ற வைக்கப் போதும்.

மஞ்சள் தாள் செய்ய: ஒரு ஸ்பூன் மஞ்சள்தூளைக் கால் டம்ளர் தண்ணீரில் குழைத்து, வடிதாளை அதில் நனைத்து நிழலில் காயவைத்துக் கீற்றாக வெட்டிக்கொள்ளுங்கள். நாங்கள் செய்ததில் இருபது கீற்று மீதி இருக்கிறது. வேதியியல் ஆய்வகத்தில் வாசல் பக்கத்து அலமாரியில், மேல் தட்டில், பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் இருக்கும். உங்கள் வீட்டில் பட்டுக்குப் பயன்படுத்தும் சோப்பைக் கொஞ்சம் கரைத்துக் கொண்டுவந்தால் மதிய இடைவேளையில் பார்த்துச் சொல்கிறோம்.

— அறிவியல் பகுதிக் குழுவுக்காக, பன்னிரண்டாம் வகுப்பு மாணவி